கையெழுத்துக்கு வந்தவர்கள்

ஆறு பேரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டோம். பெயர், வந்த நேரம், போன் நம்பர், கையெழுத்து. பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்த அலுவலக உதவியாளர், "கட்டத்துக்குள்ள போடுங்கம்மா, வெளியில போனா ஆடிட்ல கேப்பாங்க" என்றார். நானும் கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி, பயந்து பயந்து, அழகாகப் போட்டேன்.

அந்தக் கையெழுத்தைத்தான் இன்றைக்குத் திருப்பிக் கேட்கிறேன். தருவீர்களா?

கல்லூரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அரசு உதவிபெறும் கல்லூரி. எங்கள் மாவட்டம் இல்லை. பெயரைச் சொன்னால் அவதூறு வழக்குப் போட அவர்களிடம் பணம் இருக்கிறது, வாய்தாவுக்கு அலைய என்னிடம் பஸ் காசு கிடையாது. அது போக, ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் எல்லாரும் "ஓ, அங்கே அப்படியாம்" என்று உச்சுக்கொட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்வார்கள். அவர்களையும்தான் கேட்கிறேன்.

எனக்குக் கோட்டையூர். எங்கள் ஊரைப் பற்றித் தெரியாதவர்கள்கூட அழகப்பச் செட்டியாரைத் தெரிந்திருப்பார்கள். எங்கள் ஊரில் 1909-இல் பிறந்தவர். காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் வரவேண்டும் என்று 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் தூக்கிக் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். கல்விக்கு லட்சம் லட்சமாகக் கொடுத்தவர் பிறந்த ஊரில் பிறந்தவள், கல்விச்சாலையில் வேலைக்குப் போக லட்சம் லட்சமாக எடுத்து வை என்று கேட்கப்படுகிறேன். சிரிப்பாக இருக்கிறதா? எனக்கு வயிறு எரிகிறது.

அப்பாவுக்குப் பெரிய வீடு ஒன்றில் காவல் வேலை. வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். கல்யாணம், சாந்தி என்றால் வருவார்கள். மற்ற நாளெல்லாம் முகப்பைப் பெருக்குவதும், வளவில் விழுந்த சருகை அள்ளுவதும், மழைக்கு முன்னால் ஓட்டைப் பார்ப்பதும் அப்பாதான். அத்தனை அறை உள்ள வீட்டின் சாவிக்கொத்து எங்கள் வீட்டு ஆணியில் தொங்கும், எங்களுக்கு இருந்தது ஓர் அறை. அந்த ஓர் அறையில் உட்கார்ந்துதான் தமிழில் முனைவர் பட்டம் வரைக்கும் படித்தேன்.

என் ஆய்வு குஜிலி நூல்களைப் பற்றியது. சந்தையிலும் ரயிலடியிலும் காலணா அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள். கொலை நடந்தால் ஒரு பாட்டு, வெள்ளம் வந்தால் ஒரு பாட்டு, ரயில் கவிழ்ந்தால் ஒரு பாட்டு. படித்தவர்கள் குப்பை என்று ஒதுக்கியதை எங்கள் ஊர் ரோஜா முத்தையா பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் போனபிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. 1994-இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நின்றது. எங்கள் தெருப் பக்கம் இருந்த புத்தகத்தைப் படிக்க நான் ரயிலேறித் தரமணிக்குப் போய் வந்தேன். அம்மாவின் தோடும் என் வளையலும் கூட்டுறவு வங்கிக்குப் போனது அந்தச் செலவுக்குத்தான். தோடு இன்னும் திரும்பவில்லை.

பட்டம் வாங்கி, நெட் பாஸ் பண்ணி, ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் சேர்ந்தேன். மாதம் பதினாலாயிரம். மே மாதம் சம்பளம் கிடையாது. அடுத்த அறையில் இருக்கும் உதவிபெறும் பிரிவு ஆசிரியரும் நான் நடத்துகிற அதே சிலப்பதிகாரத்தைத்தான் நடத்துகிறார். அவருக்குத் தொடக்கமே 57,700 அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் படிகள். அந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஆசைப்பட்டது தப்பா?

அப்படித்தான் அந்த அழைப்பு வந்தது. "தங்கள் சொந்தச் செலவில், அசல் சான்றிதழ்களுடனும் ஆறு செட் நகல்களுடனும்" என்று. அப்பா அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும், இது தெரியாமல் மற்றது புரியாது. கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கு 2018 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு விதி போட்டது. அதில் ஓர் அட்டவணை. இளங்கலைக்கு இத்தனை, முதுகலைக்கு இத்தனை, முனைவர் பட்டத்துக்கு 25, நெட்டுக்கு 8, கட்டுரை ஒன்றுக்கு 2 வீதம் 6 வரைக்கும், வேலை பார்த்த ஆண்டுக்கு 2 வீதம் 10 வரைக்கும். எல்லாம் கூட்டினால் நூறு. எனக்கு இளங்கலையில் 19, முதுகலையில் 23, முனைவர் பட்டத்துக்கு 25, நெட்டுக்கு 8, கட்டுரைக்கு 6, அனுபவத்துக்கு 10. தொண்ணூற்றொன்று. பஸ்ஸில் போகும்போது அதை மனசுக்குள்ளேயே கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். யாரும் இதை எடுத்துவிட முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

வராந்தாவில் இரண்டு பெஞ்சு. ஆறு பேர். புதுக்கோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவர், நாற்பது தாண்டியவர், காதோரம் நரை. கைக்குழந்தைக்காரி ஒருத்தி. குழந்தையைப் புருஷனிடம் கொடுத்து வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, அது அழும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். புதுச் செருப்புக் கடிக்கிற ஒரு தம்பி. கூட்டிவந்த அப்பாவை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு வந்த பையன். நான். ஓரத்தில் ஒரு பெண், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள், நல்ல பட்டுப் புடவை. அவள் யாரிடமும் பேசவில்லை. யாரையும் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

முதலில் சான்றிதழ் சரிபார்ப்பு. எழுத்தர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, அட்டவணை மதிப்பெண்ணைச் சத்தமாகச் சொல்லி, "சரிதானே?" என்று கேட்டு டிக் அடித்தார். என்னுடையது தொண்ணூற்றொன்று என்றதும் அந்த அண்ணன் திரும்பிப் பார்த்தார். பட்டுப் புடவைப் பெண்ணுக்கு எழுபத்திரண்டு. ஆறு பேரில் அதுதான் குறைவு. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அவளுக்காக ஒரு பாவம் பார்க்கும் சந்தோஷம். எவ்வளவு பெரிய முட்டாள் சந்தோஷம் அது!

பத்து மணி என்றார்கள். பதினொன்றரை ஆகியும் உள்ளே யாரையும் கூப்பிடவில்லை. நிபுணர்கள் டிபன் சாப்பிடுகிறார்களாம். தண்ணீர் குடிக்கலாம் என்று மாடியேறினேன். குடிதண்ணீர்க் குழாய் தமிழ்த் துறைக்கு எதிரில். துறைக் கதவுக்குப் பக்கத்தில் அறிவிப்புப் பலகை. அதில் அடுத்த வாரத்திலிருந்து நடைமுறைக்கு வரும் கால அட்டவணை, புதுத்தாள், பசை காயாமல் ஓரம் சுருண்டிருந்தது.

கல்லூரியில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், கால அட்டவணையில் ஆசிரியரின் முழுப்பெயர் இருக்காது. முதலெழுத்துகள்தான் இருக்கும். கட்டம் கட்டமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆசிரியர்களைப் பற்றிய ஆர்வம்தான், நாளைக்கு நாம் உட்காரப்போகிற துறை இல்லையா? இரண்டாமாண்டு, மூன்றாம் மணி, இலக்கணம். ஒரு முதலெழுத்து. முதலாமாண்டு, ஐந்தாம் மணி. அதே எழுத்து. கீழே விரிவான பட்டியலில் துறைத்தலைவர், மற்ற ஆசிரியர்கள், ஒவ்வொருவர் எழுத்துக்கும் நேராகப் பெயர். அந்த எழுத்துக்கு நேரே மட்டும் பெயர் போடாமல் "புதியவர்" என்று இருந்தது. புதியவர் யார் என்று தெரியாமல் அவருடைய முதலெழுத்து எப்படித் தெரிந்தது?

என் எழுத்து இல்லை அது. கீழே எழுத்தர் கூப்பிட்ட பெயர்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அண்ணனுடையது இல்லை. கைக்குழந்தைக்காரியுடையது இல்லை. தம்பிகள் இருவருடையதும் இல்லை. மிச்சம் ஒருத்திதான்.

வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் அவளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். சங்க இலக்கியம், இலக்கணம், பகுதி ஒன்று தமிழ். நாங்கள் ஆறு பேரும் கீழே உட்கார்ந்து, என்ன கேட்பார்கள், தொல்காப்பியத்தில் கேட்பார்களா, அகப்பொருளில் கேட்பார்களா என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது அந்தத் தாள் மேலே காய்ந்துகொண்டிருந்தது.

தண்ணீர் குடிக்காமலே இறங்கி வந்தேன். அண்ணனிடம் சொன்னேன். அவர் அதிர்ச்சியடையவில்லை. அதுதான் எனக்குப் பேரதிர்ச்சி.

"தங்கச்சி, உனக்கு இது புதுசு போல" என்றார். "நான் எழுத்தர் பேர் வாசிக்கும்போதே பாத்துட்டேன். அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் ஆறு செட்டு வாங்கல, ஒரு செட்டுதான் வாங்கினான். மிச்சமெல்லாம் முன்னாடியே போயிருச்சு."

"அப்ப நம்மள எதுக்குண்ணே கூப்பிட்டாங்க?"

"ஒருத்தரை மட்டும் கூப்பிட்டு வேலை கொடுத்தா, ஒப்புதலுக்கு ஃபைல் போகும்போது இணை இயக்குநர் ஆபீஸ்ல கேள்வி வரும்ல? இத்தனை பேரைக் கூப்பிட்டோம், எல்லாரும் வந்தாங்க, இந்தா கையெழுத்து, இவங்கதான் நல்லா பதில் சொன்னாங்கன்னு எழுதணும். அதுக்குத்தான் நாம. உன்ன மாதிரி தொண்ணூறுக்கு மேல வச்சிருக்கவ வந்தா இன்னும் நல்லது. இவ்வளவு தகுதியான ஆளையெல்லாம் பார்த்துத்தான் எடுத்தோம்னு ஃபைல் கனமா இருக்கும்."

நான் அட்டவணையைக் காட்டினேன். தொண்ணூற்றொன்றுக்கும் எழுபத்திரண்டுக்கும் பத்தொன்பது வித்தியாசம் இருக்கிறதே, அதை எப்படித் தாண்டுவார்கள் என்று கேட்டேன். அவர் பையிலிருந்து மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு நகலை எடுத்தார். அந்த 2018 விதி. அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி. இந்த மதிப்பெண் நேர்முகத்துக்கு ஆளைச் சுருக்குவதற்கு மட்டுமே, தேர்வு என்பது நேர்முகத்தில் ஒருவர் காட்டும் திறனை மட்டுமே வைத்து. மட்டுமே, மட்டுமே. இரண்டு இடத்திலும் அண்ணன் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார்.

நான் நெட் எழுதினேன், ஆய்வேடு எழுதினேன், விதியின் அந்த வரியை மட்டும் கவனித்துப் படித்ததே இல்லை. என் பத்தாண்டுப் படிப்பு என்னை அந்த பெஞ்சு வரைக்கும்தான் கொண்டுவந்து உட்காரவைக்கும். கதவைத் தாண்டினால் நானும் பூஜ்யம், அவளும் பூஜ்யம். அதற்குப் பிறகு நூற்றுக்கு நூறும் உள்ளே இருக்கிறவர்கள் கையில். பத்து நிமிடத்தில் அவர்கள் போடுவதுதான் மதிப்பெண். அதைக் கேட்க ஆள் இல்லை, பதிவு இல்லை, விடைத்தாள் இல்லை, மறுகூட்டல் இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் திருத்திய தாளைத் திருப்பிக் கொடுக்கிறோமே ஐயா?

காஷ்மீரில் ஒரு பொறியியல் கல்லூரியில் 1979-இல் மாணவர் சேர்க்கை நடந்தது. 150 மதிப்பெண்ணில் 50 நேர்முகத்துக்கு. ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டு மூன்று நிமிடம் உட்காரவைத்து, அப்பா யார், எந்த ஊர் என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அஜய் ஹாசியா என்கிற மாணவர் உள்ளிட்டவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1980 நவம்பரில் தீர்ப்பு வந்தது. மூன்றில் ஒரு பங்கு நேர்முகத்துக்கு என்பது தன்னிச்சை, பதினைந்து சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, நேர்முகத்தை ஒலிப்பதிவு செய்துவைத்தால் நல்லது என்று சொன்னார்கள். அடுத்த ஆண்டே வேறொரு வழக்கில், வயது முதிர்ந்து வேலைக்கு வருகிறவர்களுக்கு நேர்முகத்துக்கு அதிக எடை இருக்கலாம் என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை, வகுப்பில் நின்று பேசத் தெரியுமா என்பது மார்க் ஷீட்டில் தெரியாதுதான். ஆனால் யாரும் என்னை வகுப்பில் நிற்க வைத்துப் பார்க்கவில்லையே! ஒரு கரும்பலகைகூட அந்த அறையில் இல்லையே! ஒலிப்பதிவு நாடா போய், ஆளுக்கொரு கேமரா சட்டைப் பையில் இருக்கிற காலம் வந்துவிட்டது. அந்த அறைக்குள் மட்டும் ஏன் இன்னும் ஒரு கேமரா நுழையவில்லை?

அண்ணனுக்கு முன்னால் அந்தப் பட்டுப் புடவைப் பெண்ணைத்தான் கூப்பிட்டார்கள். போன வேகத்தில் வந்தாள். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது. நான் மேலே போய்வந்ததை அவள் பார்த்திருக்கிறாள். கேட்காமலே சொன்னாள்.

"அக்கா, எங்க அப்பா மூணு ஏக்கரு நஞ்சைய வித்துட்டாரு. பத்தாததுக்கு என் மாமியார் வீட்டுல கொடுத்தாங்க. முப்பத்தஞ்சு. எனக்கு வேண்டாம்னுதான் சொன்னேன்க்கா."

நான் அவளைத் திட்டவில்லை. திட்ட வேண்டும் என்று வாய் வந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் போய்விட்டது. முப்பத்தைந்து லட்சம். கணக்குப் போட்டுப் பாருங்கள், 57,700 அடிப்படைச் சம்பளத்தை ஒரு பைசா செலவழிக்காமல் எடுத்து வைத்தால்கூட ஐந்து ஆண்டு ஆகும் அதை எடுக்க. அந்த ஐந்து ஆண்டும் அவள் தன் சொந்த நிலத்தின் விலையைத்தான் சம்பளமாக வாங்கப்போகிறாள். மாமியார் வீட்டில் அந்தப் பணத்தைச் சொல்லிச் சொல்லியே அவளைக் கொல்வார்கள். கல்லூரியில் நிர்வாகம் எதைச் சொன்னாலும் தலையாட்டுவாள், வாங்கியவனுக்கும் தெரியும், கொடுத்தவளுக்கும் தெரியும், யார் வாயைத் திறக்க முடியும்? இதில் ஜெயித்தவள் என்று அவளைச் சொன்னால் யார்தான் தோற்றவர்?

இதெல்லாம் ஒரு பெண்ணின் புலம்பல் என்று நினைக்கிறவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். 2018 பிப்ரவரி 3 அன்று கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரை லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தது. பணியில் சேர்ந்த ஓர் உதவிப் பேராசிரியரை நிரந்தரமாக்க 30 லட்சம் கேட்டார், ஒரு லட்சம் ரொக்கமாகவும் மிச்சம் 29 லட்சம் காசோலையாகவும் என்பது புகார். துணைவேந்தர் வீட்டுக் கதவு வரைக்கும் இந்தப் புகார் போன நாடு இது. மேற்கு வங்கத்தில் 2016-ஆம் ஆண்டுப் பள்ளி ஆசிரியர், ஊழியர் தேர்வை, மோசடியில் ஊறிப்போய்விட்டது, பிரித்தெடுக்க முடியாது என்று சொல்லி 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மொத்தமாக ரத்து செய்தது. 25 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் நியமனம் ஒரே நாளில் செல்லாததாகிவிட்டது. அதில் காசு கொடுக்காமல் படித்து வந்தவர்களும் உண்டு. களவு போன இடத்தில் நேர்மையாக இருந்தவனுக்கும் சேர்த்துத்தான் தண்டனை.

என்னைக் கடைசியாகக் கூப்பிட்டார்கள். குழந்தைக்காரி அழுதுகொண்டு மரத்தடிக்குப் போயிருந்தாள். தம்பிகள் போய்விட்டார்கள். அண்ணன் "போயிட்டு வா, நான் இருக்கேன்" என்றார்.

உள்ளே ஐந்து பேர். மேஜையில் முந்திரி பக்கோடா. செயலர், முதல்வர், துறைத்தலைவர், வெளியிலிருந்து வந்த நிபுணர்கள் இரண்டு பேர். அந்த இரண்டு பேரில் ஒருவர் நீங்கள், சார்.

உங்களைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் இல்லை, ஆறுதலில். எங்க சார் இருக்கார், எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், மேலே ஒட்டியிருந்த அந்தத் தாளைக்கூட மறந்துவிட்டேன். முதுகலையில் எனக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். ஆய்வு நெறிமுறை வகுப்பில் எழுந்து நின்று, "அடிக்குறிப்புப் போடாமல் அடுத்தவன் வரியை எடுக்கிறவன் திருடன், அவன் என் மாணவன் இல்லை" என்று சொன்னவர் நீங்கள். நான் அந்தப் பயத்தில் ஆய்வேடு முழுக்க அடிக்குறிப்பாகப் போட்டேன். குஜிலி நூல்களை எடுத்துக்கொள் அம்மா, யாரும் தொடாத துறை என்று முதலில் சொன்னதும் நீங்கள்தானே?

நீங்கள் என்னைத் தெரியாத மாதிரி இருந்தீர்கள்.

செயலர் கேட்டார், கோட்டையூரிலிருந்து எப்படி வந்து போவீர்கள் என்று. விடுதியில் தங்கிக்கொள்கிறேன் என்றேன். கல்யாணம் ஆகிவிட்டதா என்று முதல்வர் கேட்டார். இல்லை என்றேன். ஆகிவிட்டால் வேலையை விட்டுவிடுவீர்களே என்றார். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். சொன்னேன். செயலர் "ஓ" என்றார். அந்த "ஓ" இன்னும் காதில் இருக்கிறது. காஷ்மீரில் 1979-இல் கேட்ட கேள்விகள்தானே இவை? அப்பா யார், எந்த ஊர்.

பிறகு உங்கள் பக்கம் திரும்பி, "சப்ஜெக்ட்ல ஏதாவது கேளுங்க" என்றார்கள். நீங்கள் என் ஆய்வேட்டைக் கையில் எடுத்தீர்கள். அதன் முதல் பக்கத்தில் நன்றியுரை, அதில் இரண்டாவது பெயர் உங்களுடையது. புரட்டினீர்கள், மூடினீர்கள். "ஒன்றும் இல்லை, போதும்" என்றீர்கள்.

ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே சார்? வேலை வேண்டாம், அது விற்றுப்போயிற்று, தெரிந்துதான் வந்து உட்கார்ந்தேன். ஒரே ஒரு கேள்வி. குஜிலிப் பாட்டு மெட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தால் அந்த ஐந்து பேர் நடுவில் நான் ஐந்து நிமிடம் மனுஷியாகப் பேசியிருப்பேனே! அதற்குக்கூடவா விலை? உங்களுக்கு அன்றைக்குக் கொடுத்த கவரில் என்ன இருந்தது, பயணப்படி மட்டும்தானா? நீங்கள் பணம் வாங்கினீர்கள் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. வாங்காமலே இதைச் செய்தீர்கள் என்றால் அது இன்னும் கொடுமை இல்லையா?

வெளியே வந்தபோது அண்ணன் இருந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். "தகவல் கேட்டு எழுதிப்போடு தங்கச்சி, உதவிபெறும் கல்லூரி அரசாங்கப் பணத்துல நடக்குது, பதில் சொல்லித்தான் ஆகணும்" என்றார். அவர் போடுவதில்லையா என்று கேட்டேன். "எனக்கு வயசு போயிருச்சு. உனக்கு இன்னும் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் பஸ்ஸைப் பார்க்கப் போய்விட்டார்.

எழுதிப் போட்டேன். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. வந்த ஆறு பேரின் மதிப்பெண், ஒவ்வொரு உறுப்பினரும் போட்ட மதிப்பெண் தாள், கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, வருகைப் பதிவேட்டு நகல், இவ்வளவும் கேட்டேன். மற்றவர்களின் மதிப்பெண் மூன்றாம் நபர் தகவல், தர இயலாது என்று பதில் வந்தது. முதல் மேல்முறையீடு செய்தேன். என் மொத்த மதிப்பெண் மட்டும் வந்தது. நூற்றுக்கு முப்பத்தெட்டு. வருகைப் பதிவேட்டு நகல் மட்டும் தாராளமாகக் கொடுத்தார்கள். ஆறு கையெழுத்து, எல்லாம் கட்டத்துக்குள், ஒழுங்காக. அதுதான் அவர்களுக்குக் காட்ட வேண்டிய தாள் ஆயிற்றே!

இரண்டாவது மேல்முறையீடு மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போயிருக்கிறது. அப்பா அதை விட்டுவிடச் சொல்கிறார். "பெரிய இடம்மா" என்கிறார். வாழ்நாள் முழுக்கப் பெரிய இடத்துச் சாவியைப் பத்திரமாக வைத்திருந்து, ஒரு பித்தளைச் செம்பைக்கூடத் தொடாத மனுஷன் அவர். நேர்மையாக இருந்தவர்தான் பயப்படுகிறார். ஏன் அப்படி? கை நீட்டியவன் நிம்மதியாகத் தூங்குகிறான், சாவி காத்தவன் ராத்திரி எழுந்து உட்கார்ந்திருக்கிறான். ஏன்?

இந்தக் கல்லூரிகளில் சம்பளம் கொடுப்பது அரசாங்கம், அதாவது நீங்களும் நானும். கடையில் சோப்பு வாங்கும் அம்மாவும் வரி கட்டுகிறாள். நாம் கொடுக்கும் சம்பளத்தை, நாம் கொடுக்கும் முன்பே, நடுவில் ஒருவர் முப்பத்தைந்து லட்சத்துக்கு விற்றுவிடுகிறார். விற்றவர் கோயில் கும்பாபிஷேகத்தில் முதல் மரியாதை வாங்குகிறார். அவர் கழுத்தில் மாலை போடுகிறவர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தது இல்லையா? எழுதிக்கொடுங்கள், உங்கள் பிள்ளையின் பெயரும் அந்தப் பதிவேட்டில் கட்டத்துக்குள் இருக்கிறதா இல்லையா என்று.

கடைசியாக உங்களிடம்தான் வருகிறேன், சார். ஒவ்வொரு உறுப்பினரும் தனித்தனியாகப் போட்ட மதிப்பெண்ணைக் கேட்டதற்கு, தேர்வுக்குழு உறுப்பினர்களின் பாதுகாப்புக் கருதி வெளியிட இயலாது என்று பதிலில் எழுதியிருந்தார்கள். 2012-இல் பீகார் வழக்கு ஒன்றில், நேர்முகம் நடத்தியவர்களின் பெயரைத் தர வேண்டியதில்லை, அவர்கள் உயிருக்கு ஆபத்து வரலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதைத் துணைக்கு இழுத்திருந்தார்கள். உங்கள் உயிருக்கு என்னால் ஆபத்தாம். உங்கள் பெயர் எனக்குத் தெரியாதாம்.

முப்பத்தெட்டு என்பது ஐந்து பேர் போட்டதன் சராசரி. அதில் நீங்கள் போட்டது எவ்வளவு, சார்?